வெளியிலிருந்தும் திறக்கும் தாழ்ப்பாள்

கொல்லைக் கதவு

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் குளியலறை ஒரு காலத்தில் வீட்டுக்குள் இருந்ததில்லை. கொல்லையில், கிணற்றடிக்கோ அடிபம்புக்கோ பக்கத்தில், மூன்று பக்கம் சுவர் எழுப்பி நான்காவது பக்கம் ஒரு கதவை வைத்திருப்பார்கள். சுவர் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கூரை பாதி இருக்கும், பல வீடுகளில் அதுவும் இருக்காது. வசதி குறைந்த வீடுகளில் கீற்றுத் தட்டியே சுவர், சாக்குப் படுதாவே கதவு. கதவு என்று ஒன்று இருந்த இடத்தில் அது பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஆணியடித்த தகரம். கீழே தண்ணீர் பட்டுப் பட்டுத் துருப்பிடித்து, அரையடி இடைவெளி விட்டிருக்கும்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒரு கொக்கியும் வளையமும்தான். சில இடங்களில் ஒரு மரக்கட்டையை நடு ஆணியில் சுழலும்படி அடித்திருப்பார்கள். கட்டையைக் குறுக்கே திருப்பினால் கதவு சாத்தியதாக அர்த்தம். பெரியவர் ஒருவர் தோளைக் கொடுத்துத் தள்ளினால் கொக்கி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தள்ளக்கூட வேண்டாம், தகரத்துக்கும் நிலைக்கும் நடுவே ஒரு குச்சியை விட்டுக் கொக்கியை மேலே தூக்கிவிடலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் இருக்கும் ஒரு பையன் சுவர் ஏறிக் குதித்து உள்ளேயிருந்து திறந்துவிடுவான்.

கொல்லையில் எப்போதும் ஆள் இருக்கும். ஒருத்தர் பாத்திரம் துலக்குவார், ஒருத்தர் துணி துவைப்பார். உள்ளே குளிப்பவர் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வெளியே கேட்டுக்கொண்டே இருக்கும். அது ரொம்ப நேரம் நின்றுபோனால், "என்ன பெரியம்மா, சத்தத்தையே காணோம்?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

அந்தக் காலத்து ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் விடிவதற்கு முன்னால் இருட்டில் குளித்துவிட்டு வர வேண்டியிருந்தது. முதியவர்கள் ராத்திரியில் கைவிளக்கோடு ஈரக் கொல்லையைத் தாண்டிப் போனார்கள். பாம்பு, தேள், வழுக்கும் பாசி என்று எல்லாமே அங்கே இருந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை ஒரு நிமிடத்துக்குள் வெளியே தூக்கி வந்துவிடலாம். யாரும் திட்டம் போட்டுச் செய்த வசதி இல்லை அது. கதவு பலவீனமாக இருந்ததாலேயே கிடைத்தது. அதனால்தான் குளியலறை வீட்டுக்குள் வந்தபோது அந்த வசதியைக் கூடவே கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டவர் போல்ட் வந்த காலம்

அடுக்குமாடி வீடுகளும் படுக்கையறையை ஒட்டிய குளியலறைகளும் பரவியபோது, கழிவறையும் குளியலறையும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்தன. சுவர் நான்கு பக்கமும் கூரை வரை எழும்பியது. தரையிலிருந்து ஏழடிக்கு டைல்ஸ். காற்றுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர். கண்ணாடிப் பட்டைகளோடும் கம்பியோடும் இருந்த அந்தத் துவாரத்தில் பின்னாளில் எக்ஸாஸ்ட் ஃபேன் உட்கார்ந்துகொண்டது. தகரக் கதவு போய் ஒன்றேகால் அங்குல ஃப்ளஷ் கதவு வந்தது. தண்ணீரில் அதன் அடிப்பக்கம் ஊறிப்போவதைப் பார்த்துப் பலர் பி.வி.சி. கதவுக்கு மாறினார்கள்.

இத்தனையும் மாறியபோது தாழ்ப்பாள் மட்டும் டவர் போல்ட்டில் வந்து நின்றது. ஒரு தகட்டின் மேல் ஓடும் கம்பி, அதை நகர்த்த ஒரு குமிழ், நிலையில் கம்பி நுழைய ஓர் ஓட்டை. விலை குறைவு, பழுதாகாது, எந்தத் தச்சரும் கால் மணி நேரத்தில் பொருத்திவிடுவார். ஹாலுக்கும் சமையலறைக்கும் அது நல்ல சாமான்தான். குளியலறையில்தான் அதன் குணம் ஆபத்தாகிறது. கம்பி உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. வெளியே நிற்பவர் அதைத் தொடக்கூட வழி இல்லை.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை, ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகள். பெரியவர்கள் செய்வதை அப்படியே செய்து பார்க்கிற வயது அது. கைக்கு எட்டும் உயரத்தில் போல்ட் இருந்தால் அதைத் தள்ளிவிடும். தள்ளுவது சுலபம், திறப்பது அப்படியல்ல. பல போல்ட்டுகளில் குமிழைப் பள்ளத்திலிருந்து நிமிர்த்தி, நிமிர்த்திய நிலையிலேயே பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்ய அந்தப் பிஞ்சுக் கைக்கு வராது. பயந்து அழுகிற குழந்தை கதவில் வேறு சாய்ந்துகொள்ளும். அந்த அழுத்தத்தில் கம்பி ஓட்டையின் விளிம்பில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து அம்மா கதவைப் போட்டுத் தள்ளத் தள்ள அது எதிர் விளிம்பில் இறுகுகிறது. உள்ளே வாளியில் தண்ணீர், கீசர் குழாயில் கொதிநீர், ஈரத் தரை.

இரண்டாவது வகை, முதியவர்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். வெந்நீர்க் குளியல் ரத்தக் குழாய்களை விரித்து அதே வேலையைச் செய்யும். மலச்சிக்கலில் முக்கும்போதும் மயக்கம் வருவதுண்டு. சோப்புத் தண்ணீர் பட்ட டைல்ஸில் கால் வழுக்கினால் இடுப்பெலும்பு போகிறது. நாம் நினைத்துப் பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது. விழுந்தவர் பல சமயம் நினைவோடுதான் இருக்கிறார். வெளியே கூப்பிடுகிறவர்களுக்குப் பதிலும் சொல்கிறார். ஆனால் போல்ட் நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. தரையில் கிடப்பவரால் அதை எட்ட முடியவில்லை.

அதன் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். பக்கத்து வீட்டிலிருந்து சுத்தியலும் கடப்பாரையும் வருகின்றன. இரண்டு பேர் காலால் உதைக்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், உதை விழுகிற இடத்திலேயே அந்த மனிதரின் தலை இருக்கலாம் என்ற பயத்தில் யாரும் முழுப் பலத்தைக் காட்டுவதில்லை. 101-ஐக் கூப்பிட்டால் தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து பக்குவமாகத் திறந்து தருவார்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும் நேரம் இருக்கிறது. மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்த நேரம்தான் முக்கியம். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்திருக்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கூப்பிட்டுச் சொல்லவும் நேரம் தராமல் ஆளைச் சாய்த்துவிடும்.

இதற்கெல்லாம் அந்தக் காலத்தில் டாக்டர்களும் பிள்ளைகளும் சொன்ன ஒரே வழி, "இனிமே தாழ்ப்பாள் போடாம போங்க" என்பதுதான். கேட்பதற்கு நியாயமான யோசனை. ஆனால் எழுபது வருஷம் மானத்தோடு வாழ்ந்த ஓர் அம்மாவிடம், மகனும் மருமகனும் பேரன்களும் நடமாடும் வீட்டில், கதவைத் தாழிடாமல் குளி என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னவர்கள் யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் பெரியவர்கள் போல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பிடிவாதம் என்று நாம் சொன்னோம். தன் மறைவைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மனிதர் நினைப்பதில் தவறு எங்கே இருக்கிறது? அவர்கள் கையில் நாம் கொடுத்த சாமான்தான் தவறு.

காசு நுழையும் பிளவு

இன்று ஹார்டுவேர் கடையில் "பாத்ரூம் லாக்" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது வேறு சாமான். வேலை செய்யும் விதம் மிக எளிது. உள்பக்கம் கட்டைவிரலால் திருப்பும் ஒரு சிறு திருகு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி கதவின் கனத்தைக் கடந்து வெளிப்பக்கம் வரை வருகிறது. வெளியே அதன் முனை ஒரு சின்ன வட்ட வில்லையில் முடிகிறது. வில்லையின் நடுவே ஒரு பிளவு. உள்ளே இருப்பவர் திருகைத் திருப்பினால் பூட்டின் நாக்கு நிலைக்குள் போகிறது. வெளியே இருப்பவர் ஒரு ரூபாய்க் காசையோ ஸ்க்ரூ டிரைவரையோ அந்தப் பிளவில் வைத்துத் திருப்பினால் அதே கம்பி எதிர்த்திசையில் திரும்பி நாக்கு பின்வாங்குகிறது. சாவி இல்லை, அதனால் தொலைப்பதற்கும் எதுவும் இல்லை.

இன்னொரு வகை உருண்டைக் குமிழ்ப் பூட்டு. உள்குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்குமிழ் திரும்பாது. வெளிக்குமிழின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். நேரான மெல்லிய கம்பி ஒன்றை அதற்குள் நேராக விட்டு, தடை தட்டும் இடத்தில் அழுத்தினால் பொத்தான் விடுபடும். இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. அவசரத்தில் கைக்கு வரும் ஊக்கு பல சமயம் நீளம் போதாது. கொண்டை ஊசி வளைந்துவிடும். பூட்டோடு அட்டைப்பெட்டியில் வரும் சிறு கம்பியைத் தச்சர் வேலை முடிந்ததும் குப்பையோடு சேர்த்துப் பெருக்கிவிடுவார். இதைத்தான் வாங்குகிறோம் என்றால், அந்தக் கம்பியை நிலையின் மேல்விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, அது அங்கே இருப்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காசுப் பிளவைத்தான் சொல்வேன். பதற்றத்தில் நடுங்கும் கைக்கு ஊசித் துவாரம் ஏற்றதல்ல.

சில பூட்டுகளில் அந்த வில்லைக்குப் பக்கத்தில் பச்சை, சிவப்பு என்று ஓர் அடையாளம் இருக்கும். உள்ளே தாழிட்டால் சிவப்பு தெரியும். ஆள் இருக்கிறாரா என்று யாரும் தட்டிப் பார்க்க வேண்டாம், கைப்பிடியை ஆட்டிப் பார்க்க வேண்டாம். காது மந்தமான ஒரு பெரியவருக்கு இது பெரிய நிம்மதி.

"அப்படின்னா யார் வேணா திறந்துடலாமே?" என்று கேட்பது நியாயம்தான். ஆமாம், காசு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம். இந்தப் பூட்டு திருடனைத் தடுப்பதற்குச் செய்ததல்ல. தெரியாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கும், வேண்டுமென்றே திறப்பவர் ஒரு கணம் நின்று ஒரு காரியம் செய்தாக வேண்டும் என்பதற்கும் செய்தது. ஒருவரையொருவர் நம்பும் குடும்பத்துக்கு அது போதும். அறிமுகமில்லாத பலர் சேர்ந்து தங்கும் விடுதிக்கோ, ஒரே கழிவறையைப் பல குடித்தனங்கள் பயன்படுத்தும் இடத்துக்கோ இதை நான் சொல்ல மாட்டேன்.

இந்த யோசனை புதிதும் அல்ல. அமெரிக்காவில் தீப் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையான என்.எஃப்.பி.ஏ. 101, வீடுகளில் குளியலறைக் கதவைப் பூட்டியிருந்தாலும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளும், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைக் கதவு அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பொது இடங்களின் கழிவறைக்கு யோசித்துவிட்டோம். அதே மனிதர் தினமும் போய்வரும் வீட்டுக் குளியலறைக்கு யோசிக்க வேண்டியது நம் பொறுப்பு.

ஒரு வீட்டில் மாற்றிய விதம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதை மாற்றிய விதத்தைச் சொல்கிறேன். மூன்றாவது மாடி வீடு. எழுபத்தெட்டு வயது அத்தை, அவர் மகன், மருமகள், இரண்டு வயதுப் பேத்தி. குளியலறை இரண்டு. அத்தை அறையை ஒட்டியதில் ஃப்ளஷ் கதவு; பொதுக் குளியலறையில் உள்ளீடற்ற பி.வி.சி. கதவு. இரண்டிலும் உள்ளே இரண்டிரண்டு டவர் போல்ட்டுகள்.

அத்தையின் கதவுக்குக் கைப்பிடியோடு கூடிய பூட்டை வாங்கினார்கள். மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு, அதுவும் சோப்பு ஈரத்தோடு, உருண்டைக் குமிழைப் பிடித்துத் திருப்புவது கஷ்டம். நீட்டுக் கைப்பிடியை உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தினாலே போதும். தச்சர் முதலில் கதவின் கனத்தை அளந்தார்: 32 மி.மீ. பூட்டின் பெட்டியில் அது எந்தக் கனத்திலிருந்து எந்தக் கனம் வரை பொருந்தும் என்று போட்டிருக்கும். கதவு அதைவிட மெலிசாக இருந்தால் பூட்டு ஆடிக்கொண்டே இருக்கும். பெட்டியோடு வந்த காகித அச்சைக் கதவின் விளிம்பில் மடித்து ஒட்டி, விளிம்பிலிருந்து 60 மி.மீ. உள்ளே மையம் குறித்து, வட்ட ரம்பத்தால் பெரிய துளை போட்டார். பாதி தூரம் இந்தப் பக்கம், மீதி தூரம் அந்தப் பக்கம் என்று துளைத்ததால் மேல்தகடு பிய்ந்து வரவில்லை. பிறகு விளிம்பிலிருந்து நாக்குக்கு ஒரு சிறு துளை. நிலையில் நாக்கு உட்காரும் தகடு. தரையிலிருந்து உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விழுந்து தரையில் உட்கார்ந்த நிலையிலும் கையைத் தூக்கினால் அத்தைக்கு எட்டக்கூடிய உயரம் அது.

பி.வி.சி. கதவில் அப்படித் துளைத்தால் உள்ளே பிடிப்பு இருக்காது. திருகை இறுக்க இறுக்கத் தகடு அமுங்கிக்கொண்டே போகும். அதனால் அங்கே கதவின் மேற்பரப்பில் பொருத்தும் சிறு லாட்ச் வைத்தார்கள். உள்ளே திருகு, வெளியே காசுப் பிளவு. மெல்லிய கம்பி போகும் துளை ஒன்றே போதும். அந்தக் கதவின் ஓரச்சட்டத்தில் வலுவான பாகம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்து அங்கே பொருத்தினார்.

எல்லாம் முடிந்த பிறகு தச்சர், "எதுக்கும் அந்தப் பழைய போல்ட்டும் மேல இருக்கட்டும்மா. லாக் ரிப்பேர் ஆனா உதவும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்ண்ணே. அது இருந்தா அத்தை அதையும் சேர்த்துப் போட்டுக்குவாங்க. ரெண்டையும் கழட்டிட்டு ஓட்டைய அடைச்சிடுங்க" என்றார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். எவ்வளவு நல்ல அவசரப் பூட்டு வாங்கி மாட்டினாலும், அதே கதவில் உள்ளே ஒரு டவர் போல்ட் மிச்சம் இருந்தால் வாங்கிய காசு வீண். புதுப் பூட்டு மாட்டிய வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது. பூட்டின் மேல் நம்பிக்கை வராத பெரியவர்கள் பழகிய போல்ட்டைத்தான் தேடிப் போவார்கள். உள்ளே ஒரே ஒரு தாழ்தான் இருக்க வேண்டும். அது வெளியிலிருந்து திறப்பதாக இருக்க வேண்டும்.

தச்சர் கிளம்புவதற்கு முன் மருமகள் மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தார். முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே தாழிட்டு, வெளியே காசால் திருப்பி, நாக்கு முழுவதும் பின்வாங்குகிறதா என்று பார்த்தார். அடுத்து கணவரை உள்ளே அனுப்பிச் சாத்தித் தாழிடச் சொல்லித் திறந்தார். கடைசியாக, உள்ளே இருப்பவரைக் கதவின் மேல் சாயச் சொல்லித் திறந்தார். இதில்தான் விஷயம் வெளியே வந்தது. காசு பாதி வரை திரும்பி நின்றுவிட்டது. நாக்கு நிலைத் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. தச்சர் அந்தத் தகட்டின் துளையை அரத்தால் இரண்டு மி.மீ. அகலப்படுத்திய பிறகு, சாய்ந்திருந்தாலும் திறந்தது. குழந்தை கதவில் சாய்ந்து அழும்போது கைகொடுக்கப்போவது அந்த இரண்டு மி.மீ.தான்.

இதிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். காசு திரும்பவில்லை என்றால் பலத்தைக் கூட்டக் கூடாது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவை நம் பக்கம் இழுத்து, பிறகு அந்தப் பக்கம் தள்ளி, கொஞ்சம் மேலே தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் காசைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாக்கின் மேல் இருக்கும் பாரம் நீங்கும் இடத்தில் அது சுலபமாகத் திரும்பிவிடும். மலிவான பூட்டுகளில் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கடப்பாரைதான்.

கதவு உள்பக்கம் திறந்தால்

பூட்டு திறந்துவிட்டது, கதவு திறக்கவில்லை என்ற நிலையும் உண்டு. நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கமாகத் திறக்கும். கதவில் வழியும் தண்ணீர் உள்ளேயே சொட்டட்டும், நடைவழி அடைபடாமல் இருக்கட்டும் என்பது காரணம். நம் குளியலறைகளோ சின்னவை. நான்குக்கு ஏழடி அறையில் ஒருவர் விழுந்தால் உடம்பு கதவை ஒட்டித்தான் கிடக்கும். வேகமாகத் தள்ளினால் அடிபட்ட இடத்திலேயே மறுபடியும் அடிபடும். அந்த நேரத்தில் கதவை மெதுவாக, தொடர்ச்சியாக அழுத்திக் கையை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி உண்டாக்கி, உடம்பை நகர்த்தி, மெலிந்த ஒருவர் முதலில் உள்ளே போக வேண்டும்.

இதற்குச் சரியான தீர்வு கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பதுதான். அதில் கூடுதலாக ஒரு லாபமும் இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம்தான் கீலின் முட்டியும் அதன் ஊசியும் இருக்கும். கதவு வெளிப்பக்கம் திறந்தால் கீல்கள் நம் கண்முன்னே இருக்கும். பூட்டு முழுக்கப் பழுதாகிவிட்டாலும், கழற்றக்கூடிய ஊசி உள்ள கீல்களாக இருந்தால், ஊசிகளைத் தட்டி எடுத்துக் கதவையே அந்த ஓரத்திலிருந்து பிரித்துவிடலாம். உள்பக்கம் திறக்கும் கதவில் கீலும் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இதை மாற்றுவது நிலையைப் பொறுத்தது. மரநிலையில் கதவு வந்து படியும் பள்ளத்தை மறுபக்கம் மாற்றி, அல்லது நிறுத்துக்கட்டையை மாற்றி அடித்துத் தச்சர் செய்துவிடுவார். கிரானைட் நிலையில் கீல் ஓட்டைகளைப் புதிதாகத் துளைக்க வேண்டும். செலவும் வேலையும் கூடும். முடியாத இடத்தில் பி.வி.சி. மடிப்புக் கதவோ சறுக்குக் கதவோ வைக்கலாம். இதெல்லாம் எந்த வீட்டுக்கு அவசியம் என்றால், ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவர், பார்க்கின்சன் நோய் உள்ளவர், வலிப்பு வருபவர் இருக்கும் வீட்டுக்கு அவசியம்.

பூட்டுக்கு வெளியே இருப்பவை

வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லி, கரப்பான் வரக் கூடாது என்று குளியலறைக் கதவை வெளியேயும் போல்ட் போடுவது நம் பழக்கம். உள்ளே பாட்டி இருப்பது தெரியாமல் போகிற போக்கில் யாராவது போட்டுவிடுவதும் நடக்கிறது. அதே போல்ட், தவழும் பிள்ளை தனியாகப் போய் வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழாமலும் காக்கிறது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் அந்த வயதுக்கு அது ஆபத்து. நான் சொன்ன குடும்பத்தில் வெளிப்போல்ட்டை ஐந்தடி உயரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பூட்டின் அடையாளம் சிவப்பா பச்சையா என்று பார்க்காமல் அந்தப் போல்ட்டைத் தொடக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இல்லையென்றால் அந்தப் போல்ட்டைக் கழற்றிவிட்டு, காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஒரு சாதாரணக் கேட்ச் வைத்தால் போதும்.

தனியாக வாழும் முதியவருக்கு இந்தப் பூட்டு பாதி உதவிதான் செய்யும். வெளியே காசோடு வந்து நிற்க ஒருவர் வேண்டுமே. வாசல் கதவு உள்ளே போல்ட் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தாண்டி வர முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் வாசல் கதவுக்கு இரண்டு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டு வைத்து, ஒரு சாவியை நம்பகமான அண்டை வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். உள்ளே சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தால் சில பூட்டுகளில் வெளிச்சாவி நுழையாது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். குளிக்கப் போகும்போது கைபேசியைக் கையோடு எடுத்துப்போய், தரையில் கிடந்தாலும் எட்டும்படி தாழ்வான ஓர் இடத்தில் வைக்கும் பழக்கமும் வேண்டும்.

மாற்றிவிட்டோம் என்று மறந்துவிடவும் முடியாது. போர்வெல் தண்ணீரின் உப்பும் சோப்புக் கறையும் பிளவுக்குள் படியும். கடலோர ஊர்களில் துரு சீக்கிரம் ஏறும். மழைக்காலத்தில் ஃப்ளஷ் கதவு உப்பி நாக்கு இறுகும். வெள்ளையடிக்கும்போது பெயின்டர் வில்லையின் மேலேயே தூரிகையை ஓட்டிப் பிளவை மூடிவிடுவார். மாதத்துக்கு ஒரு முறை காசை வைத்து ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தால் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பழுது தெரிகிற அன்றே சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்தக் குளியலறையைப் பெரியவர்களும் பிள்ளைகளும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

பூட்டின் விலை சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. தச்சருக்கு அரைநாள் வேலை. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தச் செலவுகூட இல்லை. எப்படியும் ஏதோ ஒரு பூட்டு வாங்கத்தான் போகிறார்கள், கதவு ஏதோ ஒரு பக்கம் திறக்கத்தான் போகிறது. அவர்கள் வரைபடம் போடும்போதே சொல்லிவிட வேண்டும்: குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே டவர் போல்ட் வேண்டாம், காசால் திறக்கும் ஒரே ஒரு பூட்டு போதும். நிலை நட்டு டைல்ஸ் ஒட்டிய பிறகு கதவின் திசையை மாற்றுவது கஷ்டம். அதனால் சொல்ல வேண்டியதைச் சுவர் எழும்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.